டிரெய்னிங் தவறிப்போச்சு: ரெக்கார்டிங் கேட்பதா, அடுத்த பேட்ச்சில் இடம் கேட்பதா?

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் எனக்கு வரும் ஃபோனில் பாதி இந்த விஷயமாகத்தான் இருக்கும். "அக்கா, கம்பெனியில கட்டாய டிரெய்னிங், பாதியில கரண்ட் போயிடுச்சு, இப்ப ரெக்கார்டிங் கேட்கவா இல்ல வேற பேட்ச்ல போடச் சொல்லவா?" கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். குன்னூர் பக்கம் ஹோட்டலில் வேலை செய்கிறவர்களும் கேட்பார்கள், கூடலூரிலிருந்து ஒருவர் கேட்டார். நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் டிரெய்னிங் கோஆர்டினேட்டராக இருந்தவள். வருகைப் பட்டியலை எடுத்து, யார் எந்தப் பயிற்சியை முடித்தார் என்று கம்பெனி கணக்கு வைக்கும் எல்எம்எஸ் மென்பொருளில் ஏற்றியது, "என் பேர் ஏன் இன்னும் பெண்டிங்ல இருக்கு?" என்று வரும் மெயிலுக்கெல்லாம் பதில் எழுதியது எல்லாம் நான்தான். அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்து சொல்கிறேன்.

எது நமக்குச் சுலபமோ அதைக் கேட்டுவிடுகிறோம், தப்பு அங்கேதான் நடக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, நம் பேருக்கு எதிரே "முடித்தார்" என்று விழுவதற்கு அந்தக் கம்பெனி எதை ஏற்றுக்கொள்கிறது என்பதைத்தான்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்தப் பயிற்சிக்கு எது கணக்கு? கட்டாயப் பயிற்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் நீங்கள் உட்கார்ந்திருந்த நிமிஷம்தான் கணக்கு. சிலவற்றில் கடைசியில் வரும் வினாத்தாளில் எடுக்கும் மதிப்பெண் கணக்கு. தீயணைப்பு, முதலுதவி மாதிரி உள்ளதில் கையால் செய்து காட்டியதுதான் கணக்கு. இது தெரியாமல் எதையும் கேட்காதீர்கள். அழைப்பு மெயிலின் அடியில் "குறைந்தபட்ச வருகை" என்றோ "தேர்ச்சி மதிப்பெண்" என்றோ ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் கோஆர்டினேட்டரிடம் நேராகக் கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைசித் தேதி என்ன? பயிற்சி நடந்த தேதியைச் சொல்லவில்லை. கம்பெனி தணிக்கைக்காகவோ நிதியாண்டு முடிவுக்காகவோ "இந்தத் தேதிக்குள் எல்லாரும் முடித்திருக்க வேண்டும்" என்று வைத்திருக்கும் தேதி. அதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதை வைத்தே பாதி முடிவு ஆகிவிடும்.

நீங்கள் இருக்கும் இடம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கு, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கொட்டும். ஒரே மாவட்டம்தான், ஆனால் கெட்ட மாதம் வேறு வேறு. மாற்று பேட்ச்சின் தேதியைத் தேர்வு செய்யும்போது இதை மலையில் இருக்கிற நாம் சொன்னால்தான் கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

யார் நேரம், யார் காசு? வேலை நேரத்திலா, ராத்திரியிலா? பஸ் காசு, டேட்டா, லீவு எல்லாம் யார் கணக்கில்?

இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## ரெக்கார்டிங் கேட்பது

கேட்டவுடன் கிடைக்கும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம், நம் வசதிக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் எல்லாரும் முதலில் இதைக் கேட்கிறார்கள். ஆனால் ரெக்கார்டிங்கில் இரண்டு வகை இருக்கிறது, இந்த வித்தியாசத்தைத்தான் பலபேர் கவனிப்பதில்லை.

ஒன்று, கோஆர்டினேட்டர் அனுப்பும் வெறும் லிங்க். டீம்ஸில் நடந்த கூட்டம் என்றால் அந்தப் பதிவு ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ போய் உட்கார்ந்திருக்கும். அதை நீங்கள் நாலு தடவை பார்த்தாலும் எல்எம்எஸ்ஸுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே தானாகப் பேசிக்கொள்ளும் வழி எதுவும் பொதுவாக இருக்காது. இன்னொன்று, அதே பதிவை எல்எம்எஸ்ஸுக்குள்ளேயே ஒரு பாடமாக ஏற்றி வைத்திருப்பார்கள். அதைத் திறந்து கடைசிவரை ஓடவிட்டு, முடிவில் வரும் கேள்விக்குப் பதில் சொன்னால் `Completed` என்று தானாக மாறும். ஆகவே "ரெக்கார்டிங் இருக்கா?" என்று கேட்பதைவிட "ரெக்கார்டிங் எங்கே இருக்கு, எல்எம்எஸ்லயா லிங்க்கா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே இந்த வழி உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும்.

இதில் வெளியே தெரியாத செலவுகளும் உண்டு.

பதிவில் எல்லாம் இருக்கும் என்று நினைக்கிறோம். பயிற்சியாளர் ஆட்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து அனுப்பிய நேரம் முக்கியக் கூட்டத்தின் பதிவில் வராது. திரையில் வெறும் ஸ்லைடு மட்டும் இருபது நிமிஷம் நின்றுகொண்டிருக்கும். வினாத்தாளின் லிங்க்கைப் பெரும்பாலும் அரட்டைப் பெட்டியில்தான் போடுவார்கள், அது வீடியோவில் இருக்காது. "இப்ப சாட்ல ஒரு லிங்க் போட்டிருக்கேன், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருங்க" என்று பயிற்சியாளர் சொல்வது மட்டும் கேட்கும். அந்த ஃபார்ம் அன்றைக்கே மூடப்பட்டிருக்கும். இதனால் வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு வினாத்தாள் எழுதாமல் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டேட்டா. டீம்ஸ் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி வரும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்கு. இரண்டரை மணி நேரப் பயிற்சி என்றால் சுமார் 1 ஜிபி. வீட்டில் ஃபைபர் இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. மரம் விழுந்து ஃபைபரும் சேர்ந்து அறுந்த வாரத்தில், நாளுக்கு 1.5 ஜிபி தரும் ஃபோன் பேக்கை வைத்துக்கொண்டு அதையே ஹாட்ஸ்பாட்டாகப் போட்டு வேலையும் பார்க்கிறவருக்கு, அன்றைய டேட்டாவில் மூன்றில் இரண்டு பங்கு இதிலேயே போய்விடும். இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்றால், பார்க்க மட்டும் அனுமதி கொடுத்த பதிவை இறக்க முடியாது.

அப்புறம் காலாவதி. கம்பெனி மாற்றி வைக்காதவரை டீம்ஸ் பதிவுகள் 120 நாளில் தானாகக் காலாவதியாகும். சில கம்பெனிகள் இதை இன்னும் குறைத்து வைத்திருப்பார்கள். "மெதுவாகப் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டு லிங்க்கை அமுக்கும்போது ஒன்றும் இல்லாமல் போவது இதனால்தான்.

சில பயிற்சிக்குப் பதிவே இருக்காது, அதற்கும் காரணம் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடத்தும் போஷ் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெண்கள் தங்களுக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்லிக் கேள்வி கேட்பார்கள். அதைப் பதிவு செய்கிறோம் என்று தெரிந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் நடத்திய எந்த போஷ் வகுப்பிலும் நான் பதிவு பட்டனை அமுக்கியதில்லை, இன்றைக்கும் அதுதான் சரி என்று சொல்வேன். இதற்கு "ரெக்கார்டிங் கொடுங்க" என்று வற்புறுத்துவது வீண், அடுத்த பேட்ச்சைத்தான் கேட்க வேண்டும். இந்தச் சட்டத்தின் 19வது பிரிவு, ஊழியர்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை முறையாக இடைவெளி விட்டு நடத்தும் கடமையை முதலாளியிடம் கொடுத்திருக்கிறது. எத்தனை நிகழ்ச்சி நடத்தினார்கள் என்பது ஆண்டறிக்கையிலும் போக வேண்டும். அதனால் இன்னொரு வகுப்பு நடத்தச் சொல்லிக் கேட்பது கம்பெனிக்கும் பாரமான கோரிக்கை இல்லை.

கடைசியாக உங்கள் நேரம். வகுப்பில் உட்கார்ந்தால் அது வேலை நேரம். ராத்திரி பத்து மணிக்குமேல் போர்வைக்குள் உட்கார்ந்து ரெக்கார்டிங் பார்த்தால் அது யார் கணக்கிலும் வராது. ரெக்கார்டிங்தான் என்று முடிவானால், "நாளை மறுநாள் மதியம் 2 முதல் 4:30 வரை இதற்காக என் காலண்டரில் ஒதுக்கிக்கொள்கிறேன்" என்று மேனேஜருக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் பாருங்கள். அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எப்போது ரெக்கார்டிங் சரி: பதிவு எல்எம்எஸ்ஸுக்குள்ளேயே இருந்தால். மதிப்பெண்தான் கணக்கு, வருகை கணக்கில்லை என்றால். அல்லது கடைசி அரை மணி மாதிரி ஒரு சின்னப் பகுதிதான் தவறியது, வருகைக்குத் தேவையான நிமிஷம் ஏற்கனவே தேறிவிட்டது, பாடத்துக்காக மட்டும் பார்க்கிறீர்கள் என்றால்.

## அடுத்த பேட்ச்சில் இடம் கேட்பது

இதற்குக் கொஞ்சம் வேலை அதிகம். ஆனால் உட்கார்ந்து முடித்துவிட்டால் பிறகு யாரும் உங்களை எதுவும் கேட்க முடியாது. வருகைப் பட்டியலில் பெயர் இருக்கிறது, எல்எம்எஸ்ஸில் ஏறுகிறது, விஷயம் அத்தோடு தீர்ந்தது.

பெரும்பாலான கம்பெனிகளில் விட்டுப்போனவர்களுக்காகவே கடைசியில் ஒரு பேட்ச் வைப்பார்கள், "மாப்-அப் பேட்ச்" என்று சொல்வோம். அதில் உங்கள் பெயரைச் சேர்க்க மேனேஜர் நாமினேட் செய்ய வேண்டியிருக்கும். கோஆர்டினேட்டராக இருந்த எனக்கு, மேனேஜரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பெயரைக்கூட நகர்த்த முடியாது. ஆகவே நேராக எங்களுக்கு மட்டும் எழுதினால் நாங்கள் "மேனேஜர் அப்ரூவல் வேண்டும்" என்று திருப்பி எழுதுவோம், அதில் இரண்டு நாள் போய்விடும். முதல் மெயிலிலேயே மேனேஜரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இதன் மறைந்த செலவு இடத்தைப் பொறுத்து மாறும். ஆன்லைன் பேட்ச் என்றால் அன்றைக்கும் கரண்ட் போகலாம் என்பதுதான் பயம். நவம்பரில் தவறியதற்கு நவம்பரிலேயே இன்னொரு ஆன்லைன் வகுப்பு கேட்பது கோத்தகிரிக்காரருக்கு அதே பள்ளத்தில் இன்னொரு தடவை கால் வைப்பது மாதிரி. கடைசித் தேதி இடம் கொடுத்தால் ஜனவரி பேட்ச்சைக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அன்றைக்கு மட்டும் இன்வெர்ட்டர் உள்ள வேறு வீட்டிலோ, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ உட்கார முடியுமா என்று முன்னாலேயே பார்த்து வையுங்கள். வீட்டு ரௌட்டருக்குப் போடும் சின்ன யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேரம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் கரண்ட் போனால் கேபிள்காரரின் பெட்டியிலும் போகும் என்பதால், ரௌட்டரில் விளக்கு எரிந்தும் நெட் வராத நிலை வரலாம். அதையும் அந்தச் சோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நேரில் நடக்கும் பேட்ச் என்றால் கணக்கே வேறு. கோயம்புத்தூரில் காலை 9 மணி வகுப்பு என்றால் கோத்தகிரியிலிருந்து விடியுமுன்னே கிளம்பியாக வேண்டும். குஞ்சப்பனை வழியில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ குன்னூர், பர்லியார் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும், அந்த ரோட்டிலும் அதே மழைதான். முந்தின நாளே இறங்கித் தங்கினால் அந்தச் செலவைக் கம்பெனி தருமா என்று நாமினேஷனுக்கு முன்பே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பில் போடும்போது நினைவிருக்காது.

இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து பயிற்சியாளரை வரவழைக்கும் கம்பெனி பல நேரம் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்கும். பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனால் "நோ ஷோ" என்று பதிவாகி உங்கள் டிபார்ட்மெண்ட் கணக்கில் அந்தக் காசு போகும். ஒரு தடவை மழையால் தவறியதை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். கேட்டு வாங்கிய பேட்ச்சையும் தவறவிட்டால் மூன்றாவது தடவை கேட்பது உண்மையிலேயே கஷ்டம். நிச்சயமாக உட்கார முடியும் என்ற தேதிக்கு மட்டும் பெயர் கொடுங்கள்.

ஹோட்டல், தொழிற்சாலை வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தீயணைப்பு, முதலுதவிப் பயிற்சிக்கு ரெக்கார்டிங் என்ற பேச்சே வேண்டாம். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவியில், பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்க அழுத்த வேண்டும். அந்த 5 சென்டிமீட்டருக்கு எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்பது பொம்மை மேல் கையை வைத்து, முழங்கை மடங்காமல் முழு உடம்பையும் சாய்த்து அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். முதல் தடவை செய்கிறவர்கள் பயந்துகொண்டு மேலோட்டமாகத்தான் அழுத்துவார்கள், இரண்டு நிமிஷத்தில் தோள் விட்டுப்போகும். இதை வீடியோ சொல்லித் தராது. குன்னூரில் ஒரு ஹவுஸ்கீப்பிங் தம்பி, தவறிப்போன முதலுதவி வகுப்புக்கு "வீடியோ பாத்துட்டேன் அக்கா, போதாதா?" என்று கேட்டார். போதாது என்றுதான் சொன்னேன். இங்கே ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கே தெரியும். சீசன் நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

எப்போது மாற்று பேட்ச் சரி: வருகை நிமிஷம்தான் கணக்கு என்றால், கையால் செய்து காட்ட வேண்டும் என்றால், பதிவே செய்யாத வகுப்பு என்றால், கடைசித் தேதிக்கு முன்னால் இடமுள்ள பேட்ச் இருந்தால்.

## மூன்றாவது ஒன்று: விட்ட பகுதிக்கு ரெக்கார்டிங், முடிவுக்கு வினாத்தாள்

இப்படி ஒரு வழி இருப்பதே பலபேருக்குத் தெரியாது, கம்பெனியும் தானாகச் சொல்லாது. பயிற்சியின் "சொந்தக்காரர்" என்று ஒரு டீம் இருக்கும். தகவல் பாதுகாப்புப் பயிற்சி என்றால் அந்த செக்யூரிட்டி டீம், போஷ் என்றால் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் எச்ஆரும். அவர்கள் ஒப்புக்கொண்டால் கோஆர்டினேட்டர் எல்எம்எஸ்ஸில் கையாலேயே முடித்ததாகக் குறிக்க முடியும். ஆனால் கோஆர்டினேட்டருக்கு ஆதாரம் வேண்டும். நாளைக்குத் தணிக்கைக்காரர் "இவர் 73 நிமிஷம்தானே இருந்தார், எப்படி முடித்ததாகப் போட்டீர்கள்?" என்று கேட்டால் காட்டுவதற்கு மதிப்பெண்ணும் ஒப்புதல் மெயிலும் இருக்க வேண்டும்.

அந்த 73 நிமிஷம் நான் சும்மா சொன்ன எண் இல்லை. போன நவம்பரில் எங்கள் தெருவிலேயே நடந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி கீழே ஒரு கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்க்கிறார். வருஷாந்தரத் தகவல் பாதுகாப்புப் பயிற்சி, மதியம் 2 முதல் 4:30, மொத்தம் 150 நிமிஷம். 80 சதவீதம், அதாவது 120 நிமிஷம் இருந்தால்தான் வருகை. 2:48க்குக் கரண்ட் போனது. காட்டபெட்டு ரோட்டில் சில்வர் ஓக் மரம் ஒயர் மேலேயே விழுந்திருந்தது. 3:35க்கு ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி சேர்ந்தார், 4 மணிக்குச் சிக்னல் போனது, அதற்குமேல் வரவில்லை. 48ம் 25ம் சேர்ந்து 73. டீம்ஸின் வருகை அறிக்கையில் ஒவ்வொரு தடவை உள்ளே வந்ததும் வெளியே போனதும் நேரத்தோடு பதிவாகும், அதனால் "நான் கடைசிவரை இருந்தேன்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. 47 நிமிஷம் குறைவு.

மறுநாள் அவர் ரெக்கார்டிங் கேட்டார், உடனே லிங்க் வந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார், நோட்டுகூட எடுத்து வைத்திருந்தார். முடிந்தது என்று நினைத்துவிட்டார். பதினைந்து நாள் கழித்து மேனேஜருக்கும் நகல் போட்டு ஒரு நினைவூட்டல் வந்தது: எல்எம்எஸ்ஸில் `In Progress`, கடைசித் தேதி நவம்பர் 30, அதற்குள் முடிக்காவிட்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தேவையான விபிஎன் அனுமதி நிறுத்தப்படும். பதறிப்போய் மாப்-அப் பேட்ச் கேட்டால் 40 இடமும் நிரம்பியிருந்தது. அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது.

அவர் பார்த்தது வெறும் லிங்க். அவர் பார்த்தார் என்பது அவருக்கும் அவர் நோட்டுக்கும் மட்டும்தான் தெரியும். தப்பு அவர் மேல் இல்லை, லிங்க் அனுப்பியவர் "இது வருகைக்கு ஆகாது" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இரண்டு பேரும் உட்கார்ந்து இப்படி எழுதினோம். கோஆர்டினேட்டருக்கும் செக்யூரிட்டி டீமுக்கும், மேனேஜருக்கு நகலோடு:

> வணக்கம் மேடம். நவம்பர் முதல் வாரம் நடந்த தகவல் பாதுகாப்பு வகுப்பில் மின்தடையால் 73 நிமிடம் மட்டுமே இருக்க முடிந்தது, தேவை 120. மின்வாரியத்தின் குறுஞ்செய்தியை இணைத்திருக்கிறேன். ரெக்கார்டிங்கை முழுவதும் பார்த்துவிட்டேன். மாப்-அப் பேட்ச்சில் இடம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். வினாத்தாளை மறுபடி திறந்து கொடுத்தால் எழுதிவிடுகிறேன். தேர்ச்சி பெற்றால் வருகைக் குறைவை ஏற்று முடித்ததாகக் குறிக்க செக்யூரிட்டி டீமின் ஒப்புதல் வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் மாப்-அப் பேட்ச்சின் காத்திருப்புப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இந்த மெயிலில் மூன்று விஷயம் இருப்பதைக் கவனியுங்கள். எத்தனை நிமிஷம் குறைவு என்று நாமே சொல்லிவிடுகிறோம், கோஆர்டினேட்டர் தேட வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது, ஒப்புதல் யாரிடமிருந்து வர வேண்டும் என்பதும் இருக்கிறது. அது நடக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதும் அதிலேயே இருக்கிறது. "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்" என்று முடிக்கும் மெயில்கள் என் இன்பாக்ஸில் வாரக்கணக்கில் கிடந்ததுண்டு, அவற்றில் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே புரியாது.

இந்த வழியின் செலவு, அது யாரோ ஒருவரின் ஒப்புதலைப் பொறுத்தது என்பதுதான். மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சட்டத்துக்காகவோ வாடிக்கையாளர் ஒப்பந்தத்துக்காகவோ நேரடி வருகை கட்டாயம் என்று இருந்தால் எந்த டீமும் கை வைக்காது. அதனால் இதை மட்டும் நம்பி இருக்காமல் காத்திருப்புப் பட்டியலிலும் பெயரைப் போட்டு வைக்க வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரெக்கார்டிங் | மாற்று பேட்ச் | ரெக்கார்டிங் + வினாத்தாள் |
|---|---|---|---|
| எல்எம்எஸ்ஸில் முடியுமா | உள்ளே ஏற்றியிருந்தால் மட்டும் | நிச்சயம் | ஒப்புதல் வந்தால் |
| யாரைக் கேட்க வேண்டும் | கோஆர்டினேட்டர் | மேனேஜர், கோஆர்டினேட்டர் | பயிற்சியின் சொந்தக்கார டீம் |
| மறைந்த செலவு | டேட்டா, சொந்த நேரம், விட்டுப்போன வினாத்தாள் | பயணம், லீவு, நோ ஷோ ஆபத்து | காத்திருப்பு, மறுப்பு |
| மழை மாதத்தில் | பரவாயில்லை | ஆபத்து | நல்லது |
| கைப்பயிற்சிக்கு | ஆகாது | இது மட்டுமே | ஆகாது |

## எதைக் கேட்டாலும் அன்றைக்கே கேளுங்கள்

இது நான் உள்ளே இருந்து பார்த்தது. வகுப்பு முடிந்ததும் வருகை அறிக்கையை இறக்கி ஒரு எக்செல்லில் போடுவோம். ஒன்றிரண்டு நாளில் அதை எல்எம்எஸ்ஸில் ஏற்றுவோம். அந்த இடைவெளியில் உங்கள் மெயில் வந்துவிட்டால் உங்கள் பேருக்கு நேரே "மின்தடை, பாதியில் விலகினார், மாப்-அப் வேண்டும்" என்று குறிப்பு எழுத எனக்கு ஒரு நிமிஷம் போதும், மேனேஜர் ஒப்புதல் வந்ததும் மாப்-அப் பட்டியலிலும் பெயர் ஏறிவிடும். ஏற்றிய பிறகு வந்தால் அதை மாற்ற டிக்கெட் போட வேண்டும், அது வேறு டீமுக்குப் போகும், அவர்கள் காரணம் கேட்பார்கள். அந்தத் தம்பிக்கு மாப்-அப்பில் இடம் கிடைக்காமல் போனதும் இதனால்தான்.

கரண்ட் இல்லை, லேப்டாப்பில் சார்ஜ் இல்லை என்றாலும் ஃபோனிலிருந்து டீம் லீடருக்கு ஒரு வாட்ஸ்அப்: "சார், 2:48க்குக் கரண்ட் போயிடுச்சு, டிரெய்னிங்ல இருந்து வெளிய வந்துட்டேன், வந்ததும் மெயில் பண்றேன்." நேரத்தோடு இருக்கும் அந்த ஒரு செய்தி பின்னால் பெரிய ஆதாரம். மின்வாரியத்தின் குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள். ரோட்டில் மரம் கிடந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். கீழே இருக்கும் சிலருக்கு மலையில் ஒரு மரம் விழுந்தால் கரண்ட், நெட், ரோடு மூன்றும் ஒரே நேரத்தில் போகும் என்பதே தெரியாது, படத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

அந்தத் தம்பிக்கு இரண்டாம் நாள் பதில் வந்தது. செக்யூரிட்டி டீம் ஒப்புக்கொண்டது, வினாத்தாளை ஒரு நாள் மட்டும் திறந்து வைத்தார்கள். 20 கேள்வியில் 18 சரி. ஒன்றை அவசரத்தில் தப்பாக அமுக்கிவிட்டார். இன்னொன்று, சந்தேகமான மெயில் வந்தால் அழிப்பதா புகார் செய்வதா என்ற கேள்வி. அது குழுவாகப் பிரித்து அனுப்பிய அந்த இருபது நிமிஷத்தில் பேசியதாம், ரெக்கார்டிங்கில் இல்லை. நவம்பர் 27 சாயங்காலம் `Completed` என்று மாறியது. அதன் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஒப்புதல் மெயிலையும் சேர்த்து.